வாசல் கேட்டைத் தாண்டி: டர்பனில் வெளியே போகப் பயந்து வீட்டோடு முடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலியிலிருந்து டர்பனுக்கு வந்து இரண்டாவது வருடம், சாட்ஸ்வர்த்தில் ஒரு சூப்பர்மார்க்கெட் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு முதல் பயத் தாக்கு வந்தது. மாதக் கடைசி, சம்பள நாள், எனக்கு முன்னால் இருபது பேர். திடீரென்று நெஞ்சு படபடத்து, விரல் நுனிகள் மரத்து, விளக்குகள் எல்லாம் தூரமாகப் போன மாதிரி இருந்தது. தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன், வெளிக்காற்று பட்டதும் அடங்கிவிட்டது. அந்த நிம்மதிதான் என்னை மாட்டிவிட்டது என்பது எனக்குப் புரிய ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் கேட்டருகே இருக்கும் தபால் பெட்டி வரைக்கும் போக முடியாத நிலை. மீண்டு வர எட்டு மாதம் பிடித்தது, அதில் மூன்று மாதம் தப்பான வழியில் போனது. நீங்களும் அந்த மூன்று மாதத்தை இழக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த நோய்க்கு அகோராஃபோபியா என்று பெயர். கூட்டத்தைப் பார்த்தால் பயம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 'இங்கே எனக்கு ஏதாவது ஆனால் சட்டென்று வெளியேற முடியாது, உதவிக்கு ஆள் இல்லை' என்ற பயம் அது. பஸ், டாக்சி போன்ற வண்டிகள், திறந்த வெளி, அடைத்த இடம், வரிசை அல்லது கூட்டம், வீட்டுக்கு வெளியே தனியாக இருப்பது, இந்த ஐந்தில் இரண்டிலாவது இந்தப் பயம் வந்து, ஆறு மாதம் போல நீடித்தால் மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள்.

1. முதலில் எது எப்போது நின்றது என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, நீங்கள் விட்டுவிட்ட இடங்களைத் தேதியோடு எழுதுங்கள். டாக்டரிடம் காட்ட இதைவிட உதவும் காகிதம் கிடையாது. என்னுடையது இப்படி இருந்தது: மார்ச்சில் மாதக் கடைசி வரிசை. மே மாதம் அந்தக் கடையே. ஜூலையில் மால். ஆகஸ்டில் டாக்சி (இங்கே டாக்சி என்றால் பதினைந்து பேர் நெருக்கி உட்காரும் வேன், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்). அக்டோபரில் ஹைவேயில் கார் ஓட்டுவது, ஏனென்றால் நடுவில் நிறுத்த முடியாதே. அடுத்த பிப்ரவரியில் பையனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது. ஒவ்வொன்றையும் விட்டபோது 'இது ஒன்றுதானே' என்றுதான் தோன்றியது. வீட்டுக்கே சாமான் வருகிறது, வீட்டுக்காரர் பையனைக் கூட்டி வருகிறார், எனக்கு என்ன குறை என்று நானே சொல்லிக்கொண்டேன். ஒரு இடத்தை விட்டதும் பயம் அங்கேயே நின்றுவிடுவதில்லை, அடுத்த இடத்துக்கு வருகிறது. தேதிகளை வரிசையாகப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

டர்பனில் வசிப்பவர்களுக்கு இங்கே ஒரு பெரிய சிக்கல் உண்டு. இது நாம் ஜாக்கிரதையாக நடந்துகொள்ள வேண்டிய ஊர். இருட்டிய பிறகு யாரும் நடந்து போவதில்லை, ரோபோவில், அதாவது சிக்னலில், கார் நின்றால் கண்ணாடியை ஏற்றிவிடுகிறோம், போனைக் கையில் வைத்துக்கொண்டு திரிவதில்லை. அதனால் நோய் இந்த எச்சரிக்கையின் முந்தானைக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொள்ளும். 'நான் பயப்படவில்லை, ஜாக்கிரதையாக இருக்கிறேன்' என்று நான் எல்லோரிடமும் சொன்னேன், யாரும் மறுக்கவில்லை. ஊரில் இருந்து போன் பண்ணும் அம்மாகூட 'ஆமாம்மா, வெளியே போகாதே' என்றார்.

பிரித்துப் பார்க்க எனக்கு உதவியது பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அறுபத்தெட்டு வயது, இதே தெருவில் பிறந்தவர், இரண்டு முறை வழிப்பறிக்கு ஆளானவர். அவர் சனிக்கிழமை காலை பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போகிறார், செவ்வாய்க்கிழமை மாலுக்குப் போகிறார், பகலில் டாக்சி ஏறுகிறார், ஆறு மணிக்கு மேல் வெளியே வருவதில்லை. உங்கள் தெருவில் நிதானமான ஒரு ஆளைப் பாருங்கள். அவர் செய்யாததை நீங்களும் செய்யாமல் இருந்தால் அது எச்சரிக்கை. அவர் தினமும் செய்வதை உங்களால் முடியவில்லை என்றால் அதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

2. உடம்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஒரே தடவை

படபடப்புக்கு வேறு காரணம் இருக்கலாம். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தசோகை, இதயத் துடிப்பின் ஒழுங்கு தவறுவது எல்லாமே இதே மாதிரி இருக்கும். உங்கள் டாக்டரிடம் போய் ஒரு இசிஜி, தைராய்டுக்கு டிஎஸ்எச், ஹீமோகுளோபின் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். உழைக்கும்போது மட்டும் நெஞ்சு வலிப்பது, வலி கையிலோ தாடையிலோ பரவுவது, நிஜமாகவே நினைவு தப்பி விழுவது, இவை இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

முடிவு சரியாக வந்தால் அந்தத் தாளை ஃபைலில் போட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, இரண்டு தடவை ராத்திரியில் தனியார் மருத்துவமனை எமர்ஜென்சிக்கு ஓடினேன். இரண்டு தடவையும் இசிஜி சரி, 'ஸ்ட்ரெஸ்' என்று சொல்லி அனுப்பினார்கள், யாரும் இந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. பில் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு மாத மளிகைச் செலவைத் தாண்டியது. திரும்பத் திரும்பச் சோதிப்பது பயத்துக்கு இன்னொரு தீனி. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: தாக்கு வரும்போது 'மயங்கி விழப்போகிறேன்' என்றுதான் தோன்றும். ஆனால் மயக்கம் வர ரத்த அழுத்தம் விழ வேண்டும், தாக்கின்போது அது பெரும்பாலும் ஏறுகிறது. பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும்.

3. யாரிடம் போவது, என்ன காகிதம், எவ்வளவு செலவு

மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்கு அரசு கிளினிக்கில் ஆரம்ப சிகிச்சை இலவசம். தேசிய சுகாதாரச் சட்டத்தில் அப்படி இருக்கிறது. அங்கிருந்து மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். சங்கடம் என்னவென்றால், நாம் எதற்குப் பயப்படுகிறோமோ அந்த வரிசையில்தான் முதலில் நிற்க வேண்டும். முதல் தடவைக்குத் துணை கூட்டிப் போகலாம், வெட்கப்பட வேண்டாம். திங்கள் காலையைத் தவிர்த்துவிடுங்கள்.

தனியாராகப் போனால், சைக்காலஜிஸ்டைப் பார்க்க டாக்டர் கடிதம் தேவையில்லை, நேராக அப்பாயின்ட்மென்ட் வாங்கலாம். சைக்கியாட்ரிஸ்டுக்குப் பெரும்பாலும் கடிதம் கேட்பார்கள். மாத்திரை எழுதுவது டாக்டரும் சைக்கியாட்ரிஸ்டும், சைக்காலஜிஸ்ட் எழுத மாட்டார். பதிவு பெற்றவரா என்று, மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் எச்பிசிஎஸ்ஏ கவுன்சிலின் தளத்தில் iRegister என்ற பகுதியில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம், சைக்காலஜிஸ்ட் என்றால் எண் PS என்று தொடங்கும். போனிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: 'நோயாளியை வெளியே அனுப்பிப் பயிற்சி கொடுப்பீர்களா, தேவைப்பட்டால் கூட வருவீர்களா?' இந்த நோய்க்குப் பலன் தருவது அதுதான், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற சிகிச்சையின் மையமே அந்தப் பயிற்சி. அறையில் உட்கார்ந்து சின்ன வயசுக் கதை மட்டும் பேசுவதாக இருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். என்னிடம் ஒரு அமர்வுக்கு 1,150 ரேண்ட் வாங்கினார்கள், மொத்தம் பதிமூன்று அமர்வு.

எடுத்துப் போக வேண்டியவை: பாஸ்போர்ட், விசா பக்கத்தின் நகல், முகவரிக்கு லைட் பில் அல்லது வாடகை ஒப்பந்தம், மெடிக்கல் எய்ட் அட்டை, இசிஜியும் ரத்தப் பரிசோதனையும், ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள் இருந்தால் அவற்றின் அட்டை, அப்புறம் முதல் படியில் எழுதிய அந்தத் தேதித் தாள்.

மெடிக்கல் எய்டில் பணம் திரும்பக் கேட்பவர்கள் பில்லில் இரண்டு விஷயம் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஒன்று மருத்துவரின் பிராக்டிஸ் எண், இன்னொன்று நோயின் ஐசிடி-10 குறியீடு, அகோராஃபோபியாவுக்கு F40.0. இவை இல்லாத பில் திரும்பி வரும். சிகிச்சை நடந்த மாதத்துக்குப் பிறகு நான்கு மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். புதிதாக மெடிக்கல் எய்டில் சேர்பவர்கள் ஜாக்கிரதை: சேரும்போதே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்புக் காலம் போட அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்காக நோயை மறைத்துப் படிவம் நிரப்பாதீர்கள், பின்னால் உறுப்பினர் தகுதியையே ரத்து செய்யலாம்.

தமிழில் பேச வேண்டும் என்று சென்னையில் ஒருவரை வீடியோவில் பார்ப்பவர்களும் உண்டு. நானும் நான்கு தடவை பேசினேன், மனம் லேசாக இருந்தது. இங்குள்ள பிராக்டிஸ் எண் இல்லாததால் மெடிக்கல் எய்ட் காசு தரவில்லை. அதைவிட முக்கியம், வீடியோ என்பதால் வீட்டை விட்டு நகராமலேயே சிகிச்சை நடந்தது. வீடியோவில் தொடங்கலாம், தப்பில்லை. மூன்றாவது அமர்வுக்குள் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கவில்லை என்றால் அது வேலைக்கு ஆகாது.

வேலைக்குப் போகிறவர்கள், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தால் முதலாளி மருத்துவச் சான்று கேட்கலாம். எட்டு வாரத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் விடுப்பு எடுத்தாலும் கேட்கலாம். நீண்ட விடுப்பு கேட்காதீர்கள் என்பது என் கருத்து. வேலை ஒன்றுதான் உங்களை இன்னும் வெளியே இழுத்துக்கொண்டிருக்கும்.

4. மாத்திரை பற்றி

எனக்கு முதலில் பார்த்த டாக்டர் அல்பிரசோலம் எழுதிக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் அமைதி. நான் வீணாக்கியதாகச் சொன்ன மூன்று மாதம் இதுதான். மாத்திரை போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன், வந்தேன், ஆனால் 'மாத்திரையால்தான் பிழைத்தேன்' என்று மனம் கணக்கு வைத்துக்கொண்டது. மாத்திரை இல்லாத நாளில் பயம் முன்னைவிடப் பெரிதாக வந்தது. இந்த வகை மாத்திரைகளுக்கு உடம்பு பழகியும்விடும். ஏற்கெனவே தினமும் எடுப்பவர்கள் தாங்களாகவே சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்புகூட வரலாம், டாக்டர் மெல்லக் குறைப்பார்.

செர்ட்ராலின், எசிடாலோபிராம் போன்றவை வேறு வகை. தினமும் எடுக்க வேண்டும், பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் பதற்றம் கொஞ்சம் கூடலாம், வயிறு புரட்டலாம். அதனால்தான் பாதி மாத்திரையில் தொடங்கச் சொல்வார்கள். இதைத் தெரியாமல் பலர் ஐந்தாம் நாளே 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். குணம் தெரிந்த பிறகும் பல மாதம் தொடர வேண்டியிருக்கும். பயிற்சியே தொடங்க முடியாத அளவுக்குப் பயம் இருந்தவள் நான், எனக்கு இது உதவியது. மாத்திரையே வேண்டாமல் பயிற்சியால் மட்டும் வெளியே வந்தவர்களும் உண்டு.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் இந்தப் படிகள் எதற்கும் காத்திருக்காதீர்கள். 0800 567 567 இலவச எண், சடாக் என்ற மனநல உதவி அமைப்பு நடத்துவது, எந்த நேரமும் எடுப்பார்கள்.

5. பயிற்சி: ஒரு வரிசையை எப்படித் திரும்பப் பிடிப்பது

விட்ட இடங்களுக்கு 0 முதல் 100 வரை பயத்துக்கு மதிப்பெண் போடுங்கள். 40 அளவில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள், 90-இல் பாயாதீர்கள். எனக்குக் கேட்டுக்கு வெளியே காலை பத்து மணிக்குப் பதினைந்து நிமிடம் நிற்பது 40. தெருமுனை டக் ஷாப்புக்குத் தனியாக நடப்பது 50. செவ்வாய் காலை மாலுக்குள் 60. சூப்பர்மார்க்கெட் வரிசை 75. டாக்சி 85. மாதக் கடைசி வரிசை 90. பெரிய வெள்ளி அன்று இசிப்பிங்கோ ரயில் மாரியம்மன் கோவில் 100. அந்த நாள் அங்கே எவ்வளவு கூட்டம் கூடும் என்று டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாரத்துக்கு ஐந்து நாள் செய்யுங்கள். வாரம் ஒரு தடவை போனால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே இருக்கும். எல்லாமே பகல் வெளிச்சத்தில், ஆன்ட்டி போகிற இடத்தில். தைரியத்தைச் சோதிக்க ஆளில்லாத இடத்துக்கோ இருட்டிலோ போக வேண்டாம், அது பயிற்சி ஆகாது.

ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும்: என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், எத்தனை சதவீதம் நம்புகிறேன். வந்ததும் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். வரிசை நாள் அன்று என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். முன்: 'வரிசையில் ஐந்து நிமிடம் நின்றால் விழுந்துவிடுவேன், 90 சதவீதம்.' பின்: '22 நிமிடம் நின்றேன். பயம் 80 வரை போனது. கால் நடுங்கியது, உள்ளங்கை வியர்த்து தயிர் டப்பா வழுக்கியது. விழவில்லை. முன்னால் நின்ற அம்மா கூப்பன் பற்றி ஏதோ கேட்டார், பதில் சொன்னேன்.' அடுத்த நாள் 70 சதவீதம் நம்பினேன், ஐந்தாம் நாள் 30.

கவனியுங்கள், அன்றைக்குப் பயம் குறைந்தே ஆக வேண்டும் என்பது குறிக்கோள் இல்லை. 80-இல் இருந்தபடியே வெளியே வந்தாலும் பரவாயில்லை. நினைத்தது நடக்கவில்லை என்று உடம்புக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உச்சத்தில் இருக்கும்போது ஓடாதீர்கள். ஓடிவிட்டீர்களா, சரி, வெளியே இரண்டு நிமிடம் நின்று அதே வரிசைக்குத் திரும்பிப் போங்கள், அன்றைக்கே. வீட்டுக்குப் போய்விட்டால் அடுத்த நாள் அந்த இடம் பத்து மதிப்பெண் ஏறியிருக்கும்.

இடத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஒரு நிமிடம் வேகமாக மூச்சை இழுத்து விடுங்கள், தலை சுற்றும், விரல் மரக்கும். அல்லது மாடிப்படியை இரண்டு நிமிடம் ஏறி இறங்குங்கள். கடையில் உங்களைத் துரத்திய அதே உணர்வு உங்கள் வீட்டுக் கூடத்தில் நீங்கள் வரவழைத்து வரும், தானாகப் போகும். எனக்கு மூன்றாவது நாளே விரல் மரப்பதில் இருந்த பயங்கரம் போய்விட்டது.

டாக்சிக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். முதலில் கதவு ஓரத்து இருக்கையில் இரண்டே நிறுத்தம். 'ஆஃப்டர் ரோபோ' என்று குரல் கொடுத்தால் நிறுத்துவார்கள், முதல் நாள் அதைச் சொல்லவே எனக்குத் தொண்டை அடைத்தது. அப்புறம் டவுன் வரைக்கும். கடைசியாகப் பின்வரிசை நடு இருக்கை, பாட்டு அதிர, இரண்டு பக்கமும் ஆள்.

6. துணை என்ற பொறி

பெரும்பாலோர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். எல்லா இடத்துக்கும் போகிறார்கள், ஆனால் கணவர் கூட இருந்தால் மட்டும். அல்லது தண்ணீர் பாட்டில், பையில் ஒரு மாத்திரை, காதில் போன் இருந்தால் மட்டும். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் கார் பார்க்கில் காத்திருந்தார். அன்பினால் செய்தார், அதுவே என்னை நான்கு வாரம் 60-இல் நிறுத்தி வைத்தது. சைக்காலஜிஸ்ட் அவரையும் ஒரு அமர்வுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: முதல் வாரம் கார் பார்க், இரண்டாம் வாரம் வீட்டில் போனோடு, மூன்றாம் வாரம் ஆபீஸில், நான் கூப்பிட்டால் எடுக்கலாம், அவராகக் கூப்பிடக் கூடாது. 'நீ போயிட்டு வா, நான் கேட்க மாட்டேன்' என்று சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. துணைகளையும் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். போனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஊரில் அது தேவை. பையின் அடியில் இருக்கட்டும்.

7. எப்போது தொடங்குவது

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் தாண்டி இங்கே பல கிளினிக்குகள் மூடியிருக்கும். நவம்பரில் தொடங்கினால் நான்கு அமர்வில் நின்றுபோகும். ஜனவரி கடைசியிலோ ஜூலையிலோ தொடங்குங்கள். வாரம் ஒரு அமர்வு என்றால் மூன்று, நான்கு மாதம் ஆகும்.

சறுக்கல் வரும். எனக்குக் காய்ச்சலில் இரண்டு வாரம் வீட்டில் கிடந்த பிறகு மால் மறுபடி 60 ஆனது. முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, இரண்டு படி கீழே இறங்கி நான்கு நாள் செய்தேன், திரும்பிவிட்டது. ஊருக்கு விடுமுறைக்குப் போய் வந்தாலும் இப்படி ஆகும், அதனால் இறங்கிய மூன்றாம் நாளே பயிற்சி நோட்டை எடுத்துவிடுங்கள்.

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கு இசிப்பிங்கோ போனேன், ஆன்ட்டியோடு காரில் போய், உள்ளே தனியாக. நோட்டில் முன்: 'நடுவில் மாட்டிக்கொண்டு கத்துவேன், 60 சதவீதம்.' பின்: 'ஒரு மணி நேரம் பத்து நிமிடம். பயம் 70. ஒரு குழந்தை என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அதன் அம்மா என்று நினைத்தது. கத்தவில்லை. ஆன்ட்டியைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆனது.'